டாக்டர் இன்று வரமாட்டார்

அம்மாவைப் பாலக்காட்டில் டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள். காலை ஆறே முக்காலுக்குச் சித்தப்பா பையன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "அண்ணா, பெரியம்மாவோட டாக்டர் இன்னிக்கு வரலையாமா. மெசேஜ் வந்திருக்கு."

நான் டொரோன்டோவிலிருந்தே போன் போட்டு வாங்கிய பதினொன்றரை மணி அப்பாயின்ட்மென்ட் அது. ஆனால் அம்மாவின் பழைய ஃபைலில் இருந்தது இவன் நம்பர். செய்தியோ மலையாளத்தில். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடுகளில் பேச்சு தமிழ்தான். பள்ளியில் மலையாளமும் படித்தவன் என்பதால் அவன் வாசித்துச் சொன்னான்.

டாக்டருக்கு அவசர விடுப்பு, இன்றைய ஓ.பி. கிடையாது. என்ன அவசரம் என்று எழுதவில்லை, எழுதவும் வேண்டியதில்லை. கீழே நான்கு வழிகள். 1 அனுப்பினால் அடுத்த வியாழன் அதே டாக்டர். 2 என்றால் இன்றே மதியம், அதே பிரிவில் வேறு டாக்டர். 3 என்றால் நாளை மாலை வீடியோவில். 4 என்றால் கட்டிய பணம் திரும்ப வரும். எட்டரைக்குள் பதில் வராவிட்டால் அப்பாயின்ட்மென்ட் ரத்து.

அம்மா உடனே முடிவு சொல்லிவிட்டார்: "வியாழக்கிழமையே போலாம் கண்ணு. நம்ம டாக்டருக்குத்தானே எல்லாம் தெரியும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அறுவை சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பது போன்ற விஷயம் என்றால் நானும் 1 தான் அனுப்பியிருப்பேன். ஆனால் அம்மா சாப்பிடுவது வார்ஃபரின். இதயம் தாறுமாறாகத் துடிப்பதால் ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை. ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை எண்ணைப் பார்த்துத்தான் அதன் அளவை வைப்பார்கள். அம்மாவுக்கு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தக் கட்டி உருவாகிப் பக்கவாதம் வரலாம். கூடினால் ரத்தக் கசிவு. அந்த எண்ணையும் பழைய சீட்டையும் வைத்துக்கொண்டால் அதே பிரிவில் எந்த டாக்டரும் அளவை மாற்றிவிட முடியும்.

இன்னொரு விஷயமும் இருந்தது. போன வாரம் பல் வலிக்கு உள்ளூரில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருந்தார். அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன், மெட்ரோனிடசோல். வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐ.என்.ஆரை ஏற்றிவிடுகிற மருந்து. "பல் தேய்க்கறப்ப ரத்தம் வருதாம்மா?" "ரெண்டு நாளா லேசா வருது. பல் வலிதானே, வரத்தான் செய்யும்." அப்புறம் என்ன யோசனை, தம்பியை 2 அனுப்பச் சொன்னேன்.

பதில் வந்தது: பன்னிரண்டேகால், டோக்கன் 9. ஆனால் ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வரி இல்லை. டாக்டர் இல்லை என்றால் லேபும் இல்லை என்றுதான் அம்மா நினைத்திருந்தார். அந்த நம்பருக்குக் கூப்பிட்டதும் மறுமுனைப் பெண் நல்ல தமிழில் சொன்னார்: "லேப் எப்பவும் போலத்தாங்க. முதல்ல ரத்தம் குடுத்துட்டு வாங்க, ரிசல்ட்டோட டாக்டரைப் பார்த்தரலாம்." இந்த ஒரு வாக்கியத்தை மெசேஜிலேயே போட்டிருக்கலாம். டாக்டர் வருவதற்காக மட்டும் காத்திருப்பவருக்கும், இன்றே பார்த்தாக வேண்டிய எண் உள்ளவருக்கும் ஒரே செய்தி போகிறது. ரத்தக் கசிவு, நெஞ்சு வலி என்றால் டோக்கனுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள் என்ற வரியும் அதில் இல்லை.

எண் 4.2 வந்தது. புது டாக்டர் சின்ன வயசு, அவசரமே படவில்லை. வேறு எங்காவது கசிவு உண்டா, உடம்பில் நீலத் திட்டு உண்டா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டார். இல்லை. அன்றைய ராத்திரி மாத்திரையை விடச் சொன்னார். மறுநாளிலிருந்து பழைய அளவே, வியாழன் அன்று மறுபடி ரத்தம் பார்த்துவிட்டுப் பழைய டாக்டரிடம். பல் மாத்திரை முடிந்துவிட்டதால் எண் தானே இறங்கும் என்றார். ஆக, அம்மாவுக்கு அவர் கேட்ட வியாழக்கிழமையும் கிடைத்தது.

பணம் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு முறை கட்டிய கன்சல்டேஷன் சில நாட்களுக்குள் மறுபடி வந்தாலும் செல்லும். 2 அனுப்பியதால் வேறு டாக்டர் கணக்கில் ஏறி, வியாழனுக்குப் புதிதாகக் கட்டச் சொன்னது கம்ப்யூட்டர். கவுன்டரில் மெசேஜைக் காட்டியதும் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அதனால் செய்தியை அழிக்காதீர்கள்.

அப்படியே நம்பரையும் மாற்றச் சொன்னேன். இரண்டு நம்பர் போட வழியில்லையாம், ஒன்றுதான். என்னுடைய கனடா நம்பரை அது எடுத்துக்கொள்ளவில்லை. சரி, அம்மாவின் பட்டன் போன் நம்பரைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வியாழக்கிழமைக்கான செய்தி மலையாளத்தில் வந்துவிட்டது. திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பினார்.