கோத்தகிரியில் அம்மாவின் போனும் கடைக்காரர் போட்ட கணக்கும்

இந்த முறை டொராண்டோவிலிருந்து கோத்தகிரிக்கு மூன்று வார விடுமுறையில் போயிருந்தோம். இ-பாஸ் எடுத்து மலையேறியது, ரேஷன் கார்டில் பெயர் நீக்கியது எல்லாம் நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்தன. நாலு நாள் தின்றது அம்மாவின் போன்தான்.

தவறு எங்கள் வீட்டுடையது. என் மகன் பாட்டி போனில் விளையாட உட்கார்ந்தவன், பாட்டி போடும் பேட்டர்ன் ரொம்ப ஈசி என்று வேறொன்றை மாற்றி வைத்தான். மறுநாள் அவனுக்கே அது நினைவில்லை. பத்துப் பதினைந்து தடவை தப்பாக இழுத்த பிறகு போன் காத்திருக்கச் சொன்னது. காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. எனக்குப் பொறுமை போய்விட்டது. போனை அணைத்து, பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி, ரெக்கவரி மெனுவுக்குள் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். புது போன் மாதிரி எழுந்திருக்கும் என்று நினைப்பு.

எழுந்தது. மொழி கேட்டது, வைஃபை கேட்டது. அப்புறம், இந்த போன் ரீசெட் செய்யப்பட்டிருக்கிறது, பழைய பேட்டர்னைப் போடு, இல்லையென்றால் முன்பு இதில் இருந்த கூகுள் கணக்கால் உள்ளே வா என்று நின்றுவிட்டது. பேட்டர்ன் தெரியாமல்தானே ரீசெட்டே செய்தேன்!

இதற்கு ஃபேக்டரி ரீசெட் புரொடெக்ஷன், சுருக்கமாக எஃப்.ஆர்.பி. என்று பெயர். 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-இல் வந்தது. ரீசெட் அழிப்பது நம் படங்களையும் செயலிகளையும்தான். யாருடைய கணக்கு இதில் இருந்தது என்ற குறிப்பு, ரீசெட்டால் அழியாத ஒரு தனி இடத்தில் இருக்கும். பூட்டைத் திறந்து, செட்டிங்ஸுக்குள் போய், கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் செய்தால் இந்தக் கேள்வி வராது. நான் செய்ததுபோல் வெளியிலிருந்து பட்டனை அழுத்தி அழித்தால், திருடனும் இப்படித்தான் செய்வான் என்பதால் போன் நம்மையும் திருடனாகவே நினைத்துவிடுகிறது.

"அம்மா, உங்க ஜிமெயில் என்ன?"

"அதெல்லாம் கடைக்காரப் பையன் போட்டுக் குடுத்தான்டா."

சிக்கல் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருந்தது. ஊரில் எத்தனையோ பெரியவர்களின் போன் இப்படித்தான் தொடங்குகிறது. வாங்கிய அன்றே கடையில் ஒரு கணக்கைத் திறந்து, ஏதோ ஒரு பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதை யாரும் எழுதி வைப்பதில்லை. திரையும் பழைய முகவரி இன்னதென்று சொல்லாது, முழுதாக நாம்தான் அடிக்க வேண்டும்.

போனை எடுத்துக்கொண்டு ஜான்ஸ்டன் சதுக்கம் பக்கம் இறங்கினேன். முதல் கடையில் அறுநூறு ரூபாய் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் உடைத்துத் தருவதாகச் சொன்னார்கள். இரண்டாவது கடைக்காரர் வயதில் பெரியவர். போனில் இருப்பது ஆண்ட்ராய்டு 15 என்று தெரிந்ததும் தலையாட்டினார். "முன்னெல்லாம் செட்டப்பைத் தாண்டிக் குதிச்சுட்டா போதும் தம்பி. இப்பக் குதிச்சாலும் பூட்டு கூடவே வருது. புதுக் கணக்கு சேராது, ஆப் ஏறாது, லாக் கூடப் போட முடியாது. காசை வீணாக்காதீங்க" என்றார்.

அப்புறம் அவசர அழைப்புத் திரையில் `*#06#` அடித்து, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை எடுத்தார். `KYM` என்று அடித்து, இடம் விட்டு, அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்குத் தன் போனிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பினார். திருட்டுப் புகாரில் முடக்கிய போனாக இருந்தால் பதிலில் தெரிந்துவிடும். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் செய்தது சரி. முதல் கடையில் அதைக் கேட்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

பில் இருக்கிறதா என்றார். இருந்தது. பீரோவில் பட்டா நகலோடு அம்மா பத்திரமாக வைத்திருந்தார். கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டுக் கேட்டேன். ஐ.எம்.இ.ஐ. அச்சிட்ட அசல் பில், அதில் பெயர் உள்ளவரின் அடையாள அட்டை, இரண்டையும் கொண்டு வாருங்கள், கம்பெனிக்கு அனுப்பிப் பார்ப்போம், உத்தரவாதம் கிடையாது என்றார்கள். முழங்கால் வலியோடு அம்மாவை மேட்டுப்பாளையம் வளைவுகளில் இறக்கிக் கூட்டிப் போய், உத்தரவாதம் இல்லாமல் திரும்புவதா? அதைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டேன். கூகுளிடம் பில்லைக் காட்ட ஆளோ கவுண்டரோ கிடையாது. அம்மா எதிரில் இருக்கிறார், கையில் போன், பெட்டியில் அதே எண். இதெல்லாம் கம்பெனிக்கு ஆதாரம். திரைக்குக் கணக்கு ஒன்றுதான் ஆதாரம்.

ஆனால் பில் வேறு விதத்தில் உதவியது. கணக்கை மீட்கும் பக்கம் `g.co/recover`. முகவரியே மறந்துவிட்டது என்று அதில் சொன்னால், கணக்கில் சேர்த்த போன் எண்ணையும் கணக்கில் உள்ள பெயரையும் கேட்கும். எண் அம்மாவினுடையதுதான், சிம்மைப் பழைய பட்டன் போனில் போட்டிருந்தேன். பெயர்தான் இடித்தது. அம்மாவின் முழுப் பெயரைப் போட்டேன், அப்படிக் கணக்கு இல்லை என்றது. அப்பா பெயரைச் சேர்த்தேன், இல்லை. பிறகு பில்லைப் பார்த்தேன். கடைக்காரர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, இனிஷியலைப் பின்னால் போட்டிருந்தார். அதே தப்போடு அடித்தேன். பட்டன் போன் சிணுங்கியது. சரிபார்ப்பு எண் வந்தது, முகவரியும் வந்தது.

அந்த எண் கைவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, எண் வேறொருவருக்குப் போய்விடுவது நடக்கிறதுதானே.

பாஸ்வேர்டை மாற்றும் முதல் முயற்சியைக் கடை வாசலில், என் கனடா சிம்மின் ரோமிங்கில் செய்தேன். இது உங்கள் கணக்குதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று கதவைச் சாத்தியது. வழக்கமான இடத்திலிருந்து, வழக்கமான வைஃபையில் முயலுங்கள் என்று கூகுளே அறிவுரை சொல்கிறது. வீட்டுக்கு வந்து, அம்மா போன் நாள்தோறும் பயன்படுத்திய அதே வைஃபையில் தங்கையின் லேப்டாப்பை வைத்துச் செய்தேன். அம்மா சிம்முக்குச் சரிபார்ப்பு எண் வந்தது, பாஸ்வேர்டு மாறியது. வைஃபைதான் காரணமா என்று சத்தியம் செய்ய மாட்டேன், நடந்தது இதுதான்.

உடனே போனில் போட்டால் ஏற்கவில்லை. நான் என்ன செய்திருப்பேன்? தப்பாக அடித்தோமோ என்று இன்னொரு தடவை மாற்றப் போனேன். தங்கைதான் கையைப் பிடித்தாள். பாஸ்வேர்டை மாற்றிய கணக்கால் 24 மணி நேரத்துக்கு இப்படிப் பூட்டிய போனைத் திறக்க முடியாது. மறுபடி மாற்றினால் அந்த 24 மணி நேரமும் மறுபடி முதலிலிருந்து ஓடும். நான் ஊருக்குக் கிளம்ப மூன்று நாள்தான் இருந்தது. போனை அணைத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, வறுக்கியும் டீயுமாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மதியம், கால் மணி நேரம் கூடவே விட்டு, அடித்தேன். திறந்தது. தொடர்பு எண்கள் எல்லாம் திரும்ப வந்தன. வாட்ஸ்அப் பேக்கப் போட்டிருக்கவில்லை, அது போனது போனதுதான். கணக்கில் மீட்பு முகவரியாகத் தங்கையுடையதைச் சேர்த்தோம். ஜிமெயில் முகவரியை அம்மா அதே பில்லின் பின்பக்கம் எழுதிப் பழையபடி பட்டா நகலோடு வைத்துவிட்டார்.

கிளம்பும் முன் என் பழைய போனை அத்தைக்குக் கொடுத்தேன். இந்தத் தடவை செட்டிங்ஸுக்குள் போய் முதலில் என் கணக்கை நீக்கி, அப்புறம் அங்கிருந்தே ரீசெட் செய்தேன். அத்தை மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்தார். பழைய கணக்கைக் கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.