அட்வான்ஸ் கழிவுக் கடிதம்: ஆறு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சேலத்தில் வீடு காலி செய்பவர் சாவியைக் கொடுத்துவிட்டு நிற்கும்போது, வீட்டுக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் "பெயிண்ட் 12,000, கிளீனிங் 5,000, கரண்ட் 2,000" என்று எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம். அந்தச் சீட்டின் இடத்தில், அட்வான்ஸிலிருந்து எதற்கு எவ்வளவு கழித்தோம் என்று இனவாரியாகச் சொல்லும் கழிவுக் கடிதம் ஒன்றை அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்து வாடகை வீடுகளிலும் ஏற்காட்டில் சில வீடுகளிலும் ஆறு வருடமாகப் பயன்படுத்தி வருகிறோம். அது எங்கே வேலை செய்கிறது, எங்கே காலை வாரிவிடுகிறது என்பதே இந்தப் பகிர்வு.

முதலில் காலக்கெடு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2017-ஆம் வருடச் சட்டம்) வாடகைதாரரின் பாக்கிகளைக் கழித்துக்கொண்டு மீதி முன்பணத்தை வீடு காலியான ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் கொத்தனார், பிளம்பர், கண்ணாடிக் கடை என்று எல்லா ரசீதும் கைக்கு வந்தாக வேண்டும். அதனால் சாவி வாங்கிய அன்றே, காலி செய்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குறிப்பு எடுத்துவிட வேண்டும். அவர் போன பிறகு தனியாகப் பார்த்து எழுதிய குறிப்பை யாரும் நம்புவதில்லை. நம்பாததில் நியாயமும் இருக்கிறது.

கடிதம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். அழகாபுரத்தில் இரண்டு படுக்கையறை வீடு. வாடகை ரூ.12,000, முன்பணம் ரூ.60,000. மூன்று வருடம் குடியிருந்துவிட்டு ஜூன் 30-ல் காலி. கடிதத் தேதி ஜூலை 18. தொடக்கம் இவ்வளவுதான்:

"அன்புடையீர், தாங்கள் செலுத்திய முன்பணம் ரூ.60,000. கீழே கண்டபடி கழிவு ரூ.6,076. மீதி ரூ.53,924 இன்று தங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பப்பட்டது. பரிமாற்ற எண்ணும் ரசீது நகல்களும் இணைப்பில் உள்ளன."

மீதித் தொகை முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். கடைசிப் பக்கம் வரை தேடவிட்டால், படிப்பவர் ஒவ்வொரு வரியையும் கோபத்தோடுதான் படிப்பார். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று முதலில் கையெழுத்து வாங்கி, பிறகு பணம் அனுப்புகிறவர்களும் உண்டு. அதை நாங்கள் செய்வதில்லை. பணமும் கடிதமும் ஒரே நாளில் போக வேண்டும்.

சுத்தம் செய்த வகையில் இரண்டு வரி. அடுப்பு மேடைச் சுவரிலும் பரணிலும் ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஓர் ஆள் ஒரு நாள், சாமான் உட்பட ரூ.1,200. மொட்டை மாடியில் விட்டுப்போன பழைய கட்டிலையும் மெத்தையையும் குட்டியானையில் ஏற்றி அப்புறப்படுத்த ரூ.700. கூட்டிப் பெருக்கித் துடைத்ததற்கு ஒன்றும் போடவில்லை. அடுத்த ஆள் வருவதற்கு முன் அதை எப்படியும் செய்யத்தான் போகிறோம்.

குளியலறைக்கு வருவோம். சேலத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கூடியது. மூன்று வருடத்தில் டைல்ஸிலும் குழாயிலும் வெள்ளைப் படிவு ஏறாத வீடு கிடையாது. அது தண்ணீரின் வேலை, குடியிருந்தவரைக் குறை சொல்ல முடியாது. எது உப்பு, எது அழுக்கு என்று பிரிப்பது சுலபம். எலுமிச்சையோ வினிகரோ தேய்த்துக் கால் மணி நேரம் விட்டால் நுரைத்து இளகுவது உப்பு. அதற்கு மசியாமல், தேய்ப்புப் பொடி போட்டால் மட்டும் போகும் மஞ்சள் படலம் சோப்பு அழுக்கு. உப்புக்குக் கழிக்கக்கூடாது என்பது எங்கள் முடிவு. ஆனால் அந்த உப்பை எடுக்கிறேன் என்று குடியிருந்தவர் ஆசிட் ஊற்றியிருந்தால் கதை வேறு. குழாயின் பளபளப்புப் பூச்சு உரிந்து உள்ளே பித்தளை தெரியும். டைல்ஸ் இடுக்கில் இருந்த வெள்ளை சிமெண்ட் கரைந்து பள்ளம் விழுந்திருக்கும். அப்போது அது சுத்தம் செய்யும் கணக்கில் வராது, சேதக் கணக்கில்தான் வரும். இந்த வீட்டில் உப்பு மட்டும்தான் இருந்தது.

சேத வகைதான் பெரும்பாலும் சண்டைக்கு இழுக்கும் பகுதி. எந்தப் பழுது யார் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர், வாஷ் பேசின், சுவிட்ச், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். "போகும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை" என்பது ஊர் வழக்கம்தான். ஒப்பந்தத்தில் எழுதாமல் அதைக் கழித்தால், கேள்வி வரும்போது நிற்க இடம் இருக்காது. இந்த வீட்டு ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை, எனவே கழிக்கவில்லை.

வாஷ் பேசினில் விரிசல் விழுந்திருந்தது. புதுப் பேசின் ரூ.2,100, கீழே பொருத்தும் சாமான் ரூ.200, பிளம்பர் கூலி ரூ.600, மொத்தம் ரூ.2,900. இதை அப்படியே கழிப்பதுதான் வழக்கமான தவறு. உடைந்த பேசின் ஆறு வருடப் பழசு. பேசினுக்கு 12 வருட ஆயுள் என்று வைத்துக்கொள்கிறோம். அது எங்கள் கணக்கு, சட்டத்தில் இருக்கும் எண் அல்ல என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுகிறோம். பாதி ஆயுள் கழிந்துவிட்டதால் பேசின் விலையில் பாதி, ரூ.1,050. கூலியும் சாமானும் உடைந்ததால் மட்டுமே வந்த செலவு என்பதால் முழுதாக ரூ.800. ஆகக் கழிவு ரூ.1,850. பழைய பொருளைக் கொடுத்துவிட்டுப் புதுப் பொருளை வாங்கிக்கொள்ளும் வேலை இது இல்லை என்பதை அந்த ஒரு வரியே காட்டிவிடும்.

ஜன்னல் கண்ணாடி ஒன்று, பொருத்துக் கூலியோடு ரூ.450. அது அட்டவணையிலேயே இருப்பதால் விளக்கம் தேவைப்படவில்லை. பிள்ளைகள் கிரேயானில் கிறுக்கிய சுவர் ஒன்று இருந்தது. நூறு சதுர அடி, அடிக்கு ரூ.14 வீதம் ரூ.1,400. வர்ணம் ஐந்து வருடம் தாங்கும் என்று வைத்தால் மூன்று வருடம் ஓடிவிட்டது. மீதி இரண்டு வருடத்துக்கான பங்கு ரூ.560. ஆணி அடித்த துளைகளுக்கும் சோபா உரசிய கறைக்கும் ஒன்றுமில்லை, அவை குடியிருந்ததன் அடையாளம். சேத வகை மொத்தம் ரூ.2,860.

ஏற்காட்டு வீடுகளில் இந்தப் பகுதிக்கு இன்னொரு தலைவலி உண்டு, பூஞ்சை. அங்கே மழை மாதங்களில் பூட்டிக் கிடக்கும் அறையில் சுவர் கறுக்காமல் இருப்பதே அபூர்வம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஈரம் ஏறி, அதற்கு மேல் சுவர் காய்ந்திருந்தால் நிலத்து ஈரம். மழை அடிக்கும் வெளிச்சுவரின் உட்புறம் மட்டும் கறுத்திருந்தால் வெளிப்பூச்சில் விரிசல். இரண்டும் வீட்டுக்காரர் பாடு. ஈரத்தில் ஊதிப்போய் அடைபடாத மரக் கதவும் அப்படித்தான். ஜன்னலை ஒருபோதும் திறக்காமல் அறைக்குள்ளேயே துணி காயப்போட்டு வந்த பூஞ்சை என்று சந்தேகம் இருந்தாலும், அதை நிரூபிக்க வழியில்லை. அதைக் கழிவில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

பாக்கி பில்களில் மின்சாரம்தான் நுணுக்கமானது. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறது. இந்த வீட்டில் கடைசி ரீடிங் ஜூன் 4. அதற்கான 400 யூனிட் பில் ரூ.1,175 கட்டப்படாமல் இருந்தது, வீட்டுக்காரர் கட்டினார், ரசீது இணைப்பில். ஜூன் 4 முதல் 30 வரை ஓடியதற்கு என்ன செய்வது? அடுத்த பில் ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும், நம் கெடுவோ ஜூலை 30. காத்திருக்க முடியாது. சாவி வாங்கும்போது மீட்டரைப் படம் எடுத்ததில் 160 யூனிட் ஓடியிருந்தது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், மீதி 60 யூனிட்டுக்கு ரூ.2.35 வீதம் ரூ.141. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று மொத்தமாகப் பெருக்கியிருந்தால் ரூ.1,280 வந்திருக்கும். மின்வாரியம் வாங்காத பணத்தைக் குடியிருந்தவரிடம் வாங்கியதாகிவிடும்.

இலவச யூனிட் முழுவதையும் போகிறவருக்கே கொடுத்துவிட்டால் அதே சுற்றில் குடிவருபவருக்கு அது கிடைக்காது என்பது உண்மைதான். ஜூலையில் வீடு காலியாக இருந்ததால் இங்கே பிரச்சினை எழவில்லை. உடனே ஆள் வருவதாக இருந்தால் நாள் கணக்கில் பிரிக்கிறோம். 60 நாளில் 26 நாள் என்றால் போகிறவருக்கு 43 யூனிட் இலவசம், அந்தக் கணக்கைக் கடிதத்தில் காட்டிவிடுகிறோம்.

பில்லில் சில சமயம் கூடுதல் வைப்புத்தொகை என்று ஒரு வரி சேர்ந்து வரும். அது இணைப்பின் பெயரில் மின்வாரியத்திடம் இருப்பில் நிற்கும் பணம், வீட்டோடுதான் இருக்கும். அதைக் குடியிருந்தவர் தலையில் கட்டுவது தெரியாமல் நடக்கும் தவறு. பில் தொகையை அப்படியே எடுக்காமல் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும். சொத்து வரியும் அப்படியே, வீட்டுக்காரருடையது.

சுத்தம் ரூ.1,900, சேதம் ரூ.2,860, பில் ரூ.1,316. மொத்தம் ரூ.6,076.

இத்தனை வருடத்தில் நாங்கள் பிந்திச் சேர்த்த பகுதி ஒன்று உண்டு, அதுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பயன்பட்டது. கழிவுகளுக்குக் கீழே "கண்டது, ஆனால் கழிக்காதது" என்று நாலைந்து வரி. ஹால் வர்ணம் மங்கல், குளியலறை உப்புப் படிவு, பதினான்கு ஆணித் துளை, சமையலறைக் கதவின் தளர்ந்த கீல். ஒவ்வொன்றுக்கும் எதிரே "ரூ.0, இயல்பான தேய்மானம்". இது இல்லாத கடிதம் வந்தவுடன் போன் வரும், பேசினுக்குப் போட்டீர்களே என்று ஆரம்பிக்கும். இது இருக்கும் கடிதத்துக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஏதோ ஒரு ரசீதைப் பற்றியதாக இருக்கும், அதற்குப் பதிலும் சொல்லிவிடலாம்.

கடிதம் கைவிடும் இடமும் இருக்கிறது. குடிவந்த அன்று இருவரும் கையெழுத்திட்ட பொருள் பட்டியலும் தேதியோடு எடுத்த படங்களும் இல்லையென்றால், அந்த விரிசல் முன்பே இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேசின் வரி விழுந்துவிடும். அப்படிப்பட்ட வீடுகளில் சேத வகையை எழுதுவதையே விட்டுவிட்டோம், பில் பாக்கி மட்டும் கழிக்கிறோம். ரசீது வராத வேலைக்கு மதிப்பீடு எழுதுவதும் இல்லை. ஒரு மாதத்துக்குள் வேலை முடியாது என்று தெரிந்தால் அந்த ஒரு தொகையை மட்டும் பெயர் சொல்லி நிறுத்திவைத்து, மீதியைக் கெடுவுக்குள் அனுப்பிவிடுகிறோம். கடிதம் வாட்ஸ்அப்பில் ஒரு பிரதி, ஸ்பீட் போஸ்டில் ஒரு பிரதி. புது முகவரியைச் சாவி வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.