போறணைக்கு மேல் எந்தப் பலகை? மூன்றையும் பாவித்த அனுபவம்

மாங்குளத்தில் எங்கள் குடும்பத்தின் சிறிய பேக்கரி இருக்கிறது. முன்னால் கடை, நடுவில் மாப்பிசையும் அறை, பின்னால் விறகுப் போறணை. கடைக்கு மேல் அஸ்பெஸ்ரஸ் கூரை, போறணை அறைக்கு மேல் பனைத் தீராந்தியும் சிலாகையும் போட்ட ஓட்டுக் கூரை. சீலிங் அடிக்கும்போது ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு பலகை போட்டோம். கடைக்கு வூட்வூல், மாப்பிசையும் அறைக்கு ஃபைபர் சிமெந்து, போறணை அறைக்குக் கல்சியம் சிலிக்கேற். பல மாரிகளையும் வெய்யில்களையும் இவை கண்டுவிட்டன. தீக்காகப் பலகை வாங்க நினைப்பவர்களுக்குப் போறணை அறையில் தெரிந்துகொண்டதுதான் அதிகம் உதவும் என்பதால், அதை விரிவாக எழுதுகிறேன்.

கட்டடம் எங்கள் கைக்கு வந்தபோது போறணை வாய்க்கு நேர் மேலே பழைய ஃபைபர் சிமெந்து சீற் ஒன்று இருந்தது. 6 மில்லிமீற்றர் சீற், தீராந்தியோடு ஒட்டி ஆணி அடித்திருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் சீற் எரியவில்லை, வெடிப்பு மட்டும் ஓடியிருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் தீராந்தியின் அடிப்பக்கம் கபில நிறமாகி, விரலால் தேய்த்தால் கரி ஒட்டியது. தீராந்தியில் ஒரு நாளும் தீச்சுவாலை பட்டதில்லை. சீற்றைக் கடந்து வந்த சூடே மரத்தை மெதுமெதுவாகக் கரியாக்கியிருக்கிறது. வருடக்கணக்காக 100 பாகைக்கு மேல் காயும் மரம், புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கக்கூடியதாக மாறிவிடும்.

பலகை எரியாது என்பது வேறு, பலகை சூட்டைத் தடுக்கும் என்பது வேறு. கடையில் 'எரியாத போட்' என்று சொல்லி விற்பது முதலாவதை மட்டும்தான். 6 மில்லிமீற்றர் ஃபைபர் சிமெந்து சீற் எரியாது, ஆனால் சூட்டை ஏறக்குறைய அப்படியே மேலே விட்டுவிடும். 12 மில்லிமீற்றர் கல்சியம் சிலிக்கேற் அதைப்போல் மூன்று மடங்காவது தடுக்கும். 25 மில்லிமீற்றர் வூட்வூல் பலகை பத்து மடங்குக்கும் மேல் தடுக்கும். அப்படியானால் போறணைக்கு மேல் வூட்வூலையே போடலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். மரச்சீவலைச் சிமெந்தில் தோய்த்து அமுக்கிய பலகை அது. மிச்சமான துண்டுகள் மூன்றையும் போறணைக்குள் தணலோரம் வைத்துப் பார்த்தேன். வூட்வூல் சுவாலை விடவில்லை, ஆனால் விளிம்பு சிவந்து, வெளியே எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் புகைந்தது. மழையில் நனைந்திருந்த ஃபைபர் சிமெந்துத் துண்டு டப் டப் என்று வெடித்துப் பொருக்கு பறந்தது. அடர்த்தியான சீற்றில் உள்ள ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வருவதால்தான் இப்படி நடக்கிறது. கல்சியம் சிலிக்கேற் துண்டில் மேற்பரப்பு நிறம் மாறி மயிர்க்கோடு போல் வெடிப்பு விழுந்தது, அவ்வளவுதான். இதைத் தீச் சோதனை என்று சொல்ல மாட்டேன். முறையான சோதனை உலை ஒரு மணித்தியாலத்தில் 945 பாகைக்குப் போகும், மறுபக்கத்துச் சூடு தொடக்கத்தில் இருந்ததைவிடச் சராசரியாக 140 பாகைக்கு மேல் கூடக்கூடாது. அந்தச் சான்றிதழும் பலகைக்கு மட்டும் கொடுப்பதில்லை. சட்டம், ஸ்குரூ, மூட்டு எல்லாம் சேர்ந்த முழு அமைப்புக்குத்தான் கொடுப்பார்கள்.

நாங்கள் செய்தது இது. தீராந்திக்குக் கீழே இரும்புச் சட்டம் வைத்து, மரத்துக்கும் பலகைக்கும் நடுவில் 1 அங்குலம் வெறும் காற்று விட்டோம். பலகையைக் கூரையின் சரிவிலேயே போட்டு, கீழ் விளிம்பையும் மேல் விளிம்பையும் மூடாமல் விட்டோம். சூடான காற்று அந்த இடைவெளி வழியே மேலே ஏறி வெளியே போய்விடும், குளிர்ந்த காற்று கீழிருந்து வரும். வேலைக்கு வந்த தச்சுப் பாஸ், "அண்ணை, நேரா மரத்தில அடிச்சா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்றார். கழற்றி வைத்திருந்த பழைய தீராந்தித் துண்டைக் காட்டினேன். அதன் பிறகு இடைவெளியை அவரே கட்டை வைத்து அளந்து அளந்து பார்த்துக்கொண்டார்.

ஸ்குரூவிலும் கவனம் வேண்டும். பலகையை இரும்புச் சட்டத்தில் முடுக்க வேண்டும், பலகையைத் துளைத்து நேரே மரத்துக்குள் போகக்கூடாது, ஏனென்றால் ஸ்குரூவே சூட்டை மரத்துக்குக் கொண்டுபோகும். சுவரில் பிடிக்கும் இடத்தில் பிளாஸ்ரிக் பிளக் வேண்டாம், அது இளகினால் சட்டம் முழுவதும் கீழே வந்துவிடும். இரும்பு அங்கர் போடுங்கள். மூட்டுகளுக்குப் பின்னால் அதே பலகையில் ஒரு பட்டி வெட்டி வைத்தோம்.

இப்போது விறகு முழு மூச்சாய் எரியும் நேரத்தில் பலகையின் அடிப்பக்கத்தில் கை வைக்க முடியாது. மேலே தீராந்தியைத் தொட்டால் இளஞ்சூடுதான். மரத்தின் நிறமும் போட்ட நாளில் இருந்தபடியே இருக்கிறது.

கல்சியம் சிலிக்கேற்றில் எனக்குப் பிடிக்காதது அதன் மூலைகள். A9 வீதியால் லொறியில் வந்து சேரும்போதே சில மூலைகள் நொறுங்கியிருந்தன. தண்ணீரையும் நன்றாகக் குடிக்கும். ஒரு மாரியில் ஓடு விலகி ஒழுகியபோது, நனைந்த இடம் நகத்தால் கீறக்கூடிய அளவுக்கு மெதுவானது. காய்ந்ததும் பழைய இறுக்கம் வந்தது, ஆனால் பெயின்ற் உரிந்துவிட்டது. பிரைமர் அடிக்காமல் பெயின்ற் அடித்தால் இதில் நிற்கவே நிற்காது.

வாங்கும்போது பெயரை மட்டும் நம்பாமல் நிறுத்துப் பாருங்கள். எட்டுக்கு நாலு அடி, 6 மில்லிமீற்றர் பலகை ஏறக்குறைய 16 கிலோ என்றால் சூட்டைத் தடுக்கும் இலகுவான வகை. 23 கிலோ வந்தால், மேலே எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும், தீயில் ஃபைபர் சிமெந்தைப் போலத்தான் நடந்துகொள்ளும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஃபைபர் சிமெந்தைக் குறைவாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மாப்பிசையும் அறையில் அதை அடிக்கக் காரணம் மழமழப்பு. ஈரத்துணியால் துடைத்தால் மா போய்விடும். ஒழுகினாலும் கறைதான் விழும், தொய்வதில்லை. ஈரத்தில் விரிந்து வெய்யிலில் சுருங்குவதால், மூட்டில் 3 மில்லிமீற்றர் விட்டுப் பீடிங் அடிக்க வேண்டும். பூசி மூடினால் அடுத்த கோடையில் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். பழைய கட்டடத்தில் இருக்கும் தட்டை சீற் அஸ்பெஸ்ரஸாக இருக்கக்கூடும், அதை அரிவதும் துளைப்பதும் வேண்டாம். புதுச் சீற் என்றாலும் கிறைண்டரால் வெட்டினால் வரும் தூசி நுரையீரலுக்குக் கெட்டது. கத்தியால் கீறி முறிப்பதுதான் நல்லது.

கடையில் உள்ள வூட்வூல் பலகையில் எனக்கு முழுத் திருப்தி. மாரி மழை கூரையில் விழும்போது முன்பு ஆள் பேசுவது கேட்காது, இப்போது மெதுவாகப் பேசினாலும் கேட்கிறது. மத்தியான வெக்கையும் தணிந்திருக்கிறது. ஆனால் மா பறக்கும் இடத்தில் அதைப் போடாதீர்கள். சீவல் இடுக்குகளில் மா தங்கும், மா நன்றாக எரியும் பொருள். தடிப்பாகப் பெயின்ற் உருட்டினால் இடுக்குகள் அடைபட்டு, சத்தத்தை உறிஞ்சும் குணமும் போய்விடும். கறையான் பலகையைத் தின்னவில்லை, ஆனால் அதன் மேலால் மண்கோடு கட்டி மரச் சட்டத்துக்குப் போகப் பார்த்தது.

போறணைக்கு மேல் விட்ட இடைவெளியை வருடத்தில் ஒரு முறையாவது ரோச் அடித்துப் பாருங்கள். எங்களுடையதில் அணில் தும்பும் காய்ந்த புல்லும் அடைத்துக் கூடு கட்டியிருந்தது. காற்றும் நின்று, எரியக்கூடிய சாமானும் பலகைக்கு மேலே சேர்ந்துவிட்டது. கூட்டை எடுத்துவிட்டு இரண்டு விளிம்பிலும் இரும்பு வலை அடித்தோம். வலையில் ஒட்டடையும் கரியும் பிடிக்கும், மாரி தொடங்க முன் அதையும் தட்டிவிடுகிறோம்.