பட்டாணி நிறம் மாறாமலிருக்க: கொதிநீரா, ஆவியா, மைக்ரோவேவா?

உரித்த பட்டாணியை அப்படியே கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் முதல் சில வாரங்கள் ஒரு குறையும் தெரியாது. அதன்பின் பச்சை மெல்ல மங்கி, கவரைத் திறந்தால் காய்ந்த வைக்கோல் வாடை வரும். காரணம், காய்க்குள் இருக்கும் நொதிகள். குளிர் அவற்றின் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. சூடுதான் அவற்றைச் செயலிழக்கச் செய்யும். அந்தச் சூட்டை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் போட்டி.

கொதிநீர் முறைக்கு அரை கிலோ பட்டாணிக்கு 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். இது அதிகமாகத் தோன்றும், ஆனால் அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது. காயைப் போட்டதும் கொதி அடங்கும்; அது ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் கொதிக்க வேண்டும். அதற்கு மேல் ஆனால், அடுப்பின் வேகத்துக்குக் காய் அதிகம் என்று பொருள். அடுத்த முறை அளவைக் குறையுங்கள். மீண்டும் கொதித்த நொடியிலிருந்து நேரத்தைக் கணக்கிட்டால், பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம் போதும்.

நேரம் குறைந்தால் வரும் கெடுதல்தான் பலருக்குத் தெரிவதில்லை. அரைகுறைச் சூடு திசுக்களை உடைத்து நொதிகளுக்கு வழி திறந்துவிடுகிறது, நொதிகளோ உயிரோடிருக்கின்றன. அதைவிடப் பச்சையாகவே உறைய வைத்திருக்கலாம். நேரம் கூடினால் வேறு சிக்கல். வெந்த காயிலிருந்து வெளிவரும் அமிலம், பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றிவிடும். பளிச்சென்ற பச்சை பாசி நிறமாகிவிடும். தோல் சுருங்கிக் கழன்றாலும் நேரம் கூடிவிட்டது என்றே அர்த்தம். நிறத்துக்காகச் சோடா உப்பு போடுபவர்கள் உண்டு. பச்சை நிற்கும், உண்மைதான். ஆனால் பட்டாணி குழைந்துபோகும், வைட்டமின் சி-யும் அழியும். நமக்கு அது வேண்டாம்.

ஆவி முறையில் சத்து தண்ணீரில் கரைந்து போவது குறைவு. ஆனால் கொதிநீரைப் போல ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும்: பட்டாணிக்கு இரண்டேகால் நிமிடம், சிறு சதுரமாக நறுக்கிய கேரட்டுக்கு 3 நிமிடம். தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பினால்தான் இந்தக் கணக்கு சரிவரும். குவித்துப் போட்டால் ஓரத்துக் காய் வெந்து, நடுவில் இருப்பது பச்சையாக நிற்கும். ஒரு கிலோ பட்டாணியை ஒற்றை அடுக்காக எத்தனை தவணை வைப்பது? அதனால் நறுக்கிய கேரட் கொஞ்சம் இருக்கும்போது ஆவி, பட்டாணிக்குக் கொதிநீர் என்பதே எங்கள் தேர்வு.

மைக்ரோவேவ் இந்த வேலைக்குத் தோற்றுவிடும். சூடு சமமாகப் பரவாததால் சில இடங்களில் நொதிகள் தப்பிவிடும்; எந்த இடம் என்று பார்த்துத் தெரியாது. நேரமும் மிச்சமில்லை.

மக்காச்சோளத்துக்கு நிறம் பெரிய பிரச்சினையே இல்லை, அதன் மஞ்சள் எளிதில் போகாது. பிரச்சினை சுவையில்தான். முத்துகளை உதிர்த்துவிட்டு கொதிநீரில் போட்டால் வெட்டுவாயிலிருந்து மாவும் இனிப்பும் கரைந்துபோகும். கதிரை முழுதாக 4 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, பிறகு முத்துகளை வெட்டி எடுங்கள். கதிரின் தண்டு சூட்டைப் பிடித்துவைத்துக் கொண்டே இருக்கும், ஆகவே நடுப்பகுதி ஆறும்வரை ஐஸ் தண்ணீரிலிருந்து எடுக்காதீர்கள். குடைமிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இத்தனை பாடு தேவையில்லை. நறுக்கி நேராக ஃப்ரீசரில் வைக்கலாம்.

சூடாக்கியதும் குளிரவைப்பது கட்டாயம், இல்லையென்றால் உள்ளே வேகல் தொடரும். அரை கிலோ காய்க்கு அரை கிலோ ஐஸ் சேர்த்த தண்ணீரில், சூடாக்கிய அளவு நேரமே ஊறவிடுங்கள். ஒரு பட்டாணியைக் கடித்துப் பாருங்கள். நடுவில் சூடு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் ஊறட்டும். பிறகு வடித்து, துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். மிச்ச ஈரம் ஐஸாகி, பட்டாணியை ஒரே கட்டியாக ஒட்டவைக்கும்.

தட்டில் ஒற்றை அடுக்காக வைத்து, கல்லாக இறுகியதும் கவருக்கு மாற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். ஃப்ரீசரின் 30 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரே நாளில் சுமார் ஒரு கிலோவுக்கு மேல் புதுச் சரக்கு ஏற்றாதீர்கள். மெதுவாக உறையும்போது பெரிய ஐஸ் படிகங்கள் உருவாகித் திசுக்களைக் கிழிக்கும். சமைக்கும்போது காய் தொளதொளவென்று ஆகும். மைனஸ் 18 டிகிரியில் இப்படி வைத்த பட்டாணி 8 முதல் 12 மாதம் வரை நிறமும் சுவையும் கெடாமல் இருக்கும். எடுக்கும்போது உருகவிடாமல், உறைந்தபடியே கொதிக்கும் குழம்பிலோ சட்டியிலோ போட்டு, ஏற்கெனவே பாதி வெந்திருப்பதால் வழக்கத்தைவிடக் குறைந்த நேரம் வேகவையுங்கள்.