தீயில் போன சரக்கு, பாதி ஏற்ற கோரிக்கை: எந்தப் பதிவு முறை நிற்கும்?

கிடங்கில் தீப்பிடித்த மறுநாள் கணக்கர் முன்னால் இரண்டு எண்கள் இருக்கும்: கருகிய சரக்கின் அடக்க விலை, பாலிசியில் எழுதிய காப்பீட்டுத் தொகை. மூன்றாவது எண், அதாவது காப்பீட்டு நிறுவனம் தரப்போகும் பணம், தெரிய மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் பேரேட்டில் என்ன எழுதுவது என்பதற்கு மூன்று வழக்கங்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

தீயன்று கிடங்கில் இருந்த சரக்கின் அடக்கம் 12 லட்சம். அதில் 3 லட்சம் சேதமில்லாமல் தப்பியது. மீதி 9 லட்சத்தில் புகை படிந்தும் நனைந்தும் கிடப்பதை விற்றால் 80,000 தேறும் என்று சர்வேயர் மதிப்பிட்டார். எனவே இழப்பு 8,20,000. நிறுவனத்திடம் கேட்டதும் அதே தொகைதான். காப்பீடு எடுத்திருந்ததோ 9 லட்சத்துக்கு. பாலிசியில் சராசரி விதியும், இழப்பில் நாமே ஏற்கவேண்டிய 15,000 கழிவும் உண்டு. சராசரி விதிப்படி, 12 லட்சச் சரக்குக்கு 9 லட்சம்தான் காப்பீடு என்றால் இழப்பிலும் முக்கால் பங்குதான் கிடைக்கும்: 6,15,000. அதில் கழிவு போக, நிறுவனம் ஏற்றது 6,00,000. கேட்டதைவிட 2,20,000 குறைவு.

முதல் வழக்கம், முழு இழப்பையும் நிறுவனத்தின் பெயரில் எழுதிவிடுவது. காப்பீட்டு நிறுவனம் கணக்கில் பற்று 8,20,000, வியாபாரக் கணக்கில் வரவு 8,20,000. எவ்வளவு ஏற்றது என்ற நிறுவனத்தின் கடிதம் வந்ததும் குறைந்த 2,20,000-ஐ இலாப நட்டக் கணக்குக்கு மாற்றுவார்கள். எளிமையானது, பாடப்புத்தகக் கணக்குகளிலும் பழக்கமானது. தீயும் தீர்வும் ஒரே நிதியாண்டில் முடிந்துவிட்டால் இறுதி விடையும் சரியாகவே வரும். நடுவில் ஆண்டு முடிந்தால்தான் பிழை வெளிப்படும். அன்றைய ஐந்தொகையில் 8,20,000 வரவேண்டிய தொகையாக நிற்கும், இலாபத்தில் தீயின் சுவடே இருக்காது; தீயே இல்லாத அடுத்த ஆண்டின் தலையில் 2,20,000 விழும்.

இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த 2,20,000 எந்த நாளிலும் வரவேண்டிய தொகையாக இருந்ததில்லை. சராசரி விதியும் கழிவும் பாலிசியிலேயே அச்சாகியிருக்கின்றன. சரக்கின் அடக்கம் நம்மிடமே இருக்கிறது. தீப்பிடித்த வாரத்திலேயே ஒரு தாளில் பெருக்கிப் பார்த்திருக்கலாம். ஆகவே இதை ‘வாராக்கடன்’ தலைப்பில் தள்ளுவதும் தவறுதான். நிறுவனம் தரவேண்டியதைத் தராமல் போகவில்லை, நாம்தான் குறைத்துக் காப்பீடு செய்திருந்தோம். இது தீ இழப்பின் ஒரு பகுதி. அந்தப் பெயரிலேயே நிற்கட்டும்.

இரண்டாவது வழக்கம், பணம் கைக்கு வரும்வரை எதையும் எழுதாமல் இருப்பது. ஆண்டு முடிவில் சரக்கை எண்ணும்போது இருப்பு தானாகவே குறைந்திருக்கும். பிறகு 6,00,000 வந்ததும் ‘இதர வருமானம்’ என்று எழுதுவார்கள். கவனமான முறை போலத் தெரியும்; நிகர இலாபமும், எல்லாம் ஒரே ஆண்டில் நடந்தால், ஒத்துப்போகும். கெட்டுப்போவது மொத்த இலாப விகிதம். 60 லட்சம் விற்பனையில் உண்மையான மொத்த இலாபம் 15 லட்சம், அதாவது 25 சதவீதம் என்று கொள்வோம். எரிந்த சரக்கு விற்ற சரக்கின் அடக்கத்தோடு கலந்துவிடுவதால் அது 6,80,000-ஆக, 11.3 சதவீதமாகச் சுருங்கும்.

அதனால் என்ன என்று கேட்பவர்கள் அடுத்த தீயை நினைத்துப் பார்க்க வேண்டும். இருப்புப் பதிவேடு எரிந்துபோனால் தீயன்று இருந்த சரக்கை முந்தைய ஆண்டுகளின் மொத்த இலாப விகிதத்தை வைத்துத்தான் பின்னோக்கிக் கணிப்பார்கள். 20 லட்சம் விற்பனைக்கு 25 சதவீதத்தில் அடக்கம் 15 லட்சம், 11.3 சதவீதத்தில் ஏறக்குறைய 17.7 லட்சம். அந்த வித்தியாசம் முழுதும் நம் சரக்கிருப்பிலிருந்து கழியும். விளக்கிச் சொல்லித் திருத்தலாம்தான், ஆனால் அதற்கு நம் கணக்கே தவறு என்று சர்வேயரிடம் நாமே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழக்கத்தில் இழப்பும் வரவும் தனித்தனியே நடக்கும். தீயன்று:

தீ இழப்புக் கணக்கு, பற்று 8,20,000
மீட்ட சரக்குக் கணக்கு, பற்று 80,000
வியாபாரக் கணக்கு, வரவு 9,00,000

நிறுவனம் ஏற்றதும்:

காப்பீட்டு நிறுவனம், பற்று 6,00,000
தீ இழப்புக் கணக்கு, வரவு 6,00,000

தீ இழப்புக் கணக்கில் மிஞ்சும் 2,20,000 இலாப நட்டக் கணக்குக்குப் போகும். மொத்த இலாபத்தைத் தீ தொடவில்லை. வரவேண்டியது எவ்வளவோ அவ்வளவுதான் ஐந்தொகையில் இருக்கிறது. நான் தேர்வது இதைத்தான். ஒரு கவனம்: மீட்ட சரக்கைத் தனிக்கணக்கில் வைத்துவிட்டு, இறுதிச் சரக்கிருப்பிலும் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் இலாபம் 80,000 ஏறிவிடும். தப்பிய 3 லட்சமும் மீட்ட 80,000-உம் எண்ணும் தாளில் வெவ்வேறு வரிகளில் இருந்தால் இந்தப் பிழை வராது.

இந்த முறையிலும் சிக்கலான கேள்வி ஒன்று இருக்கிறது: கடிதம் வருவதற்குள் ஆண்டு முடிந்தால் 6,00,000-ஐ எழுதலாமா? பன்னாட்டுக் கணக்கியல் தரம் 37 இத்தகைய வரவுக்கு வைக்கும் அளவுகோல் ‘ஏறத்தாழ உறுதி’ என்பது. வரக்கூடும், பெரும்பாலும் வரும் என்பதெல்லாம் போதாது. நடைமுறையில் நான் இரண்டைப் பிரித்துப் பார்ப்பேன். தீ பாலிசிக்குள் அடங்குகிறது என்பதில் ஆண்டு முடிவிலேயே நிறுவனத்துக்கு மறுப்பில்லை, தொகை மட்டும்தான் பேச்சில் இருந்தது என்றால், கணக்கை இறுதி செய்யும் முன் வந்த கடிதம் அந்தத் தொகையைக் காட்டும் சான்று. 6,00,000-ஐ அந்த ஆண்டிலேயே எழுதலாம். மாறாக, மின்கசிவா கவனக்குறைவா என்று பொறுப்பையே நிறுவனம் மறுத்துக்கொண்டிருந்தால் முழு 8,20,000-உம் அந்த ஆண்டின் இழப்பு. பின்னால் ஏற்றுக்கொண்டால் ஏற்ற ஆண்டில் வரவு. கடுமையாகத் தோன்றும், வங்கிக்குக் காட்டும் ஐந்தொகையில் இல்லாத சொத்தைக் காட்டுவதைவிட மேல்.

குறைந்த 2,20,000-க்காக மேல்முறையீடு செய்தாலும் அதை வரவேண்டிய தொகையில் சேர்க்கக் கூடாது. வழக்குப் போடுவது நம் உரிமை. அதனால் அது சொத்தாகிவிடாது. வெல்லும் வாய்ப்பு உண்மையிலேயே மிகுதி என்றால் குறிப்புரையில் சொல்லலாம். ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற ரசீதில் கையொப்பம் போட்டிருந்தால் பெரும்பாலும் அந்தப் பேச்சுக்கும் இடமில்லை. அதனால் பதிவு எழுதும் முன் கணக்கர் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டிய தாள் அந்த ரசீதுதான்.

பிறகு, புகை படிந்த சரக்கு 80,000-க்கு விற்காமல் 65,000-க்குப் போயிற்று என்று வையுங்கள். 15,000 குறைவு. கழிவும் தற்செயலாக அதே தொகை என்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘நிறுவனம் பிடித்தது’ என்று எழுதிவிட எளிது. கழிவு தீ இழப்புக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. இந்த 15,000 விற்பனையில் வந்த நட்டம். அது மீட்ட சரக்குக் கணக்கிலிருந்து நேரே இலாப நட்டக் கணக்குக்குப் போகும்.