பிர்ச் மரப் பாட்டு: பாலகிரெவா, சைக்கோவ்ஸ்கியா?

எங்கள் குழுவில் மாதம் ஒருமுறை கூடி இசை கேட்போம். போன மாதம் என் முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய இசையமைப்பாளர்கள் நாட்டுப்பாடலை எப்படிக் கையாண்டார்கள் என்று காட்ட வேண்டும், கையில் இருந்ததோ ஒரே ஒரு படைப்புக்கான நேரம். ஒரே பாடலை எடுத்தாண்ட இரண்டு பேர் போட்டிக்கு நின்றார்கள். பாலகிரெவ் 1858-இல் எழுதிய ‘மூன்று ரஷ்யப் பாடல்கள் மீதான ஓவர்ச்சர்’ என்ற ஒரே பகுதி கொண்ட வாத்தியக்குழுப் படைப்பு ஒன்று. சைக்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனியின் கடைசிப் பகுதி மற்றொன்று. அது முதலில் மேடையேறியது 1878-இல், மாஸ்கோவில். நான் பாலகிரெவை எடுத்தேன்.

பாடல் ‘வயலில் ஒரு பிர்ச் மரம் நின்றது’ என்று தொடங்கும். பெண்கள் வட்டமாகக் கைகோத்து ஆடும்போது பாடுவது. 1790-இல் ல்வோவும் பிராச்சும் வெளியிட்ட தொகுப்பிலேயே அச்சேறிவிட்டதால் இரண்டு பேருக்குமே அது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. முதல் வரியை நம் ஸ்வரங்களில் எழுதினால் ‘பபபப மகக ரிஸ’, அவ்வளவுதான். காந்தாரம் சாதாரண காந்தாரம், ரிஷபம் சதுச்ருதி. நாலு பஞ்சமம் சேர்ந்து இரண்டு எண்ணிக்கை, ‘மகக’ இரண்டு, ‘ரிஸ’ இரண்டு. மொத்தம் ஆறு. வரி முடிந்த கையோடு அடுத்த வரி அதே ஆறு எண்ணிக்கையில் வந்துவிடும்.

வாத்தியக் கையாளலில் சைக்கோவ்ஸ்கி ஒரு படி மேல் என்பதைக் கேட்கும் யாரும் ஒப்புக்கொள்வார்கள். நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். என் முடிவு இவற்றை வைத்து அமையவில்லை. அந்த ஆறு எண்ணிக்கையை யார் என்ன செய்தார்கள் என்பதை வைத்து அமைந்தது.

சைக்கோவ்ஸ்கியின் பகுதி நாலு நாலாக எண்ணும் நடையில் போகிறது, நாலு எண்ணிக்கை ஒரு கட்டம். தொடக்கத்தில் முழு வாத்தியக்குழுவும் புயல் மாதிரி இறங்குகிறது. உடனே பத்தாவது கட்டத்தில் மரக்குழல்கள் பிர்ச் பாட்டைத் தொடங்குகின்றன. ‘பபபப மகக’ ஒரு கட்டத்தை நிரப்புகிறது. ‘ரிஸ’ அடுத்த கட்டத்தில் பாதியைத்தான் நிரப்புகிறது. மீதி இரண்டு எண்ணிக்கைக்குப் பாட்டு வாய்மூடி நிற்கிறது, பிறகுதான் அடுத்த வரி. ஆறு எட்டாகிவிட்டது. நம் கணக்கில் சொன்னால், ரூபகத்தில் பாடிய கிராமத்துப் பாட்டை ஆதி தாளத்துக்குள் உட்கார வைத்தது போல. ஸ்வரம் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் மூச்சு விடாமல் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் ஒவ்வொரு வரிக்கும் நின்று நின்று நகர்கிறது.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதும் புரிகிறது. சிம்பொனி என்பது நாலு, எட்டு, பதினாறு என்று செங்கல் அடுக்குவது போலக் கட்டும் வடிவம். சுருதி மாற்றி மேலே ஏற்றவும், துண்டாக்கி அடுக்கவும் சமமான கல் வேண்டும். ஆறு எண்ணிக்கை வரி அந்தச் சுவரில் துருத்திக்கொண்டு நிற்கும்.

பாலகிரெவ் இதே பாட்டை ஆறு எண்ணிக்கையாகவே விட்டுவைத்தார். அப்போது அவருக்கு வயது 21. வழிகாட்டியாக இருந்தது மூத்த ரஷ்ய இசையமைப்பாளர் கிளிங்காவின் வாத்தியக்குழுப் படைப்பான ‘கமாரின்ஸ்காயா’ (1848). அதில் வரும் நடனப் பாட்டுக்கும் ஆறு எண்ணிக்கை நடைதான். கிளிங்கா அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க விட்டு, பின்னணியை மட்டும் மாற்றிக்கொண்டே போனார். ஒருமுறை எதிர்மெட்டு, ஒருமுறை வேறு வாத்தியம், ஒருமுறை அடியில் அசையாத ஒரே ஸ்வரம். பாட்டை உடைக்காமல் நீளமான படைப்பு எழுத அவர் கண்ட வழி அது. பாலகிரெவ் இதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றையும் முயன்றார். இரண்டு மெட்டுகளைக் கருவாக முன்வைத்து, நடுவில் உடைத்து வளர்த்து, திரும்பக் கொண்டுவரும் ஜெர்மன் மரபின் சொனாட்டா வடிவத்தையும் அதே படைப்புக்குள் கொண்டுவந்தார். மெதுவான முன்பகுதிக்கு ஒரு பாட்டு, அப்புறம் வேகப் பகுதியில் பிர்ச் பாட்டு முதல் கருவாகவும், விருந்துக்குப் போய் வந்த பெண் பாடும் இன்னொரு பாட்டு இரண்டாவது கருவாகவும் வருகின்றன.

சிக்கலும் இங்கேதான் வருகிறது. சொனாட்டாவின் நடுப்பகுதியில் கருக்களை உடைத்து வளர்த்தாக வேண்டும். நாட்டுப்பாட்டோ ஏற்கெனவே முழுசாக முடிந்த பொருள், வளர இடம் கேட்காது. அந்த இடத்தில் பாலகிரெவ் கொஞ்சம் திணறுகிறார் என்றுதான் என் காதுக்குப் படுகிறது. பாட்டுத் துண்டுகள் ஒன்றை ஒன்று துரத்துகின்றன, எங்கே போகின்றன என்று தெளிவாகத் தெரிவதில்லை. நான் ஒலிப்பதிவில் மட்டுமே கேட்டவன். நல்ல நடத்துநர் முன்னால் நேரில் கேட்டால் இந்தக் குறை மறையலாம். ஆனால் பாட்டு முழுசாக வரும் இடங்களில் காலால் தட்டிப் பாருங்கள், ஆறு ஆறாக ஓடும். மேலே குழலும் கீழே தந்தியும் எத்தனை மாறினாலும் ஆடுபவர்களின் அடி தவறாது. கேட்கும் நமக்கு நாலு நாலாக எண்ணும் பழக்கம் இருப்பதால் அடுத்த வரி எப்போதும் ஒரு நொடி முன்கூட்டியே வந்துவிட்டதாகத் தோன்றும். அந்த முந்திக்கொள்ளல்தான் அந்தப் பாட்டின் ரஷ்யத்தன்மை என்று நான் நினைக்கிறேன். மெட்டை மட்டும் எடுத்துவிட்டு அதைத் தொலைத்தால், கிடைப்பது ரஷ்ய மெட்டில் ஒரு ஜெர்மன் சிம்பொனி.

பாலகிரெவுக்கு இந்தப் பிடிவாதம் அதோடு போகவில்லை. 1860-இல் வோல்கா ஆற்றுப் பக்கம் போய்ப் பாடுபவர்களிடமே கேட்டுப் பாடல்களைக் குறித்துக்கொண்டார். 1866-இல் நாற்பது பாடல்களை வெளியிட்டார். அவற்றுக்குப் பியானோ சேர்த்தபோதும் மெட்டில் இல்லாத நிஷாதத்தை ஐரோப்பிய வழக்கப்படி உயர்த்திச் சேர்க்காமல் இருக்கப் பார்த்தார்.

சைக்கோவ்ஸ்கிக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் அவர் நோக்கத்தையும் பார்க்க வேண்டும். தனக்குப் பண உதவி செய்துவந்த நதேஷ்தா ஃபோன் மெக்குக்கு எழுதிய கடிதத்தில், உனக்குள் மகிழ்ச்சி இல்லையென்றால் மக்களிடையே போய் அவர்கள் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று பார் என்ற பொருளில் இந்தப் பகுதியை விளக்குகிறார். அதாவது பாடுவது ஊர், பார்த்துக்கொண்டு நிற்பது தனியாள். பாட்டு மூன்று முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறு சுருதியில். மூன்றாவது முறைக்குப் பிறகு, முதல் பகுதியில் வந்த விதியின் எக்காளம் பித்தளை வாத்தியங்களில் குறுக்கே பாய்கிறது. அந்த இடம் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. ஒரு மனிதனின் தனிமையைச் சொல்ல நாட்டுப்பாட்டு இவ்வளவு பயன்படும் என்று பாலகிரெவின் படைப்பிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. ஆனாலும் சைக்கோவ்ஸ்கியின் மாணவர் தனேயெவே இந்தப் பகுதியின் நாட்டுப்பாட்டு மாறுபாடுகள் பெரிதாக ஈர்க்கவில்லை என்று 1878-இல் அவருக்கே எழுதினார். இடையில் நிற்கும் அந்த இரண்டு எண்ணிக்கையும் இதற்கு ஒரு காரணம் என்பது என் ஊகம்.

ஒரு தனிமனிதரின் கதையாகச் சிம்பொனியைக் கேட்க விரும்புபவர்களுக்குச் சைக்கோவ்ஸ்கியைத்தான் சொல்வேன். அப்போதும் கடைசிப் பகுதியை மட்டும் தனியே போடாதீர்கள், எக்காளம் ஏன் வருகிறது என்றே புரியாது.

எங்கள் கூட்டத்தில் முதலில் எல்லோரும் ‘பபபப மகக ரிஸ’ என்று கைதட்டிப் பாடினோம். நாலைந்து சுற்றுக்குப் பிறகுதான் வரிகளுக்கு நடுவில் நிற்கும் பழக்கம் போனது. அப்புறம் பாலகிரெவைப் போட்டோம். முன்பகுதியின் மெதுவான பாட்டு கடைசியில் திரும்பி வந்து ஓசை அடங்கியபோது, பின்வரிசையில் ஒருவர் இன்னும் முழங்காலில் ஆறு எண்ணிக்கை தட்டிக்கொண்டிருந்தார்.