காலிபரோடு நாலு வருஷம்: இயல் ஆறு எங்கே போனது?

போன வாரம் கும்பகோணத்திலிருந்து மச்சான் போன் செய்தான். அவன் வேலை பார்க்கும் இடத்தில் இருநூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு ஓர் அறிக்கையை வேர்டில் அடித்து வைத்திருக்கிறார்களாம். அதைப் போனில் படிக்கிற மின்னூல் வடிவமான ஈபப் ஆக்கித் தரும் வேலை இவன் தலையில் விழுந்திருக்கிறது. அப்படி மாற்றித் தருகிற மென்பொருள்தான் காலிபர். "நீதான் மச்சான் வருஷக்கணக்கா காலிபரை வச்சு உருட்டிக்கிட்டு இருக்க. அது நல்லாருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு" என்றான். ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது.

நான் காலிபரிடம் போனதே ஒரு வாய்க்கால் கணக்கெடுப்பால்தான். மன்னார்குடிப் பக்கம் எங்கள் பகுதி வெண்ணாற்றுப் பாசனம். எங்கள் ஊர்ப் பாசன வாய்க்கால்கள், வடிகால்கள், மதகுகள் எல்லாவற்றையும் நடந்தே பார்த்து, எது உடைந்திருக்கிறது, எது தூர்ந்திருக்கிறது என்று எழுதிய அறிக்கை அது. 214 பக்கம், 9 இயல், 61 உட்தலைப்பு. மேட்டூர் திறக்க ஜூன் 12 என்றால், அதற்கு முன் கோடையில்தான் தூர்வாரும் வேலை நடக்கும். அப்போது கரையில் நிற்கிற ஆளுக்கு "பதினேழாம் மதகைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது" என்று உடனே பார்க்க வேண்டும். பிடிஎஃப் அனுப்பினோம். உச்சி வெயிலில் போனை நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்து, பக்கத்தை விரலால் பெரிசாக்கி, இடதும் வலதுமாக இழுத்து, ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் பொக்லைன்காரர் அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடுவார். ஈபப் என்றால் எழுத்து திரைக்குத் தக்கபடி மடிந்துகொள்ளும். பொருளடக்கத்தைத் தொட்டால் நேரே அந்த மதகில் போய் நிற்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

முதல் தடவை செய்தபோது வந்த சந்தோஷத்தை மறைக்க முடியாது. docx கோப்பை இழுத்துக் காலிபரில் போட்டேன், Convert books அழுத்தினேன், டீ ஆறுவதற்குள் ஈபப் வந்துவிட்டது. படம், அடிக்குறிப்பு எல்லாம் அதனதன் இடத்தில். இவ்வளவு நாள் இது தெரியாமல் இருந்தோமே என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை சங்கத்துப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, அஞ்சாவது இயலுக்கு அப்புறம் ஏழாவது வருது. வடிகாலை எழுதவே இல்லையா நீங்க?"

திறந்து பார்த்தேன். உள்ளே ஆறாவது இயல் முழுசாக இருக்கிறது. பொருளடக்கத்தில் மட்டும் இல்லை. அதோடு இயலும் உட்தலைப்பும் ஒரே மட்டத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக, ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கின்றன. இயலைத் தொட்டு விரித்து அதற்குள் மதகைத் தேடலாம் என்ற கனவு அங்கேயே முடிந்தது.

இரண்டு ராத்திரி காலிபரைத் திட்டினேன். மூன்றாம் ராத்திரி அதன் கையேட்டைப் படித்தேன். வேர்டு கோப்பில் ஏற்கெனவே சுட்டியோடு ஒரு பொருளடக்கம் இருந்தால் காலிபர் அதையே எடுத்துக்கொள்ளும். உள்ளே போய்த் தலைப்புகளைத் தேடாது. எது இயல், எது உட்தலைப்பு என்பதை அந்தப் பொருளடக்க வரிகள் இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பதை வைத்து முடிவு செய்யும். வேர்டில் பொருளடக்கமே இல்லை என்றால்தான் Heading 1, Heading 2 என்று குறித்த தலைப்புகளிலிருந்து தானே ஒன்றைக் கட்டும்.

இப்போது எங்கள் கோப்பில் நடந்ததைப் பாருங்கள். வடிகால் இயலை நான் பின்னால்தான் சேர்த்தேன். சேர்த்தபின் டைப்பிங் சென்டரில் பொருளடக்கத்தைப் புதுப்பித்தார்கள். F9 அழுத்தினால் வேர்டு ஒரு கேள்வி கேட்கும்: Update page numbers only, அல்லது Update entire table. அவர்கள் முதலாவதைத் தேர்ந்திருக்கிறார்கள். பக்க எண்ணெல்லாம் சரியாக மாறிவிட்டது, புது இயல் மட்டும் சேரவில்லை. அச்சில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அச்சுப் புத்தகத்தில் பொருளடக்கத்தை யார் படிக்கிறார்கள்? அப்புறம், பட்டியல் கோணலாகத் தெரிகிறது என்று எல்லா வரியையும் இடது ஓரத்துக்கு இழுத்து நேராக்கியும் வைத்திருந்தார்கள். பார்க்க அழகுதான். காலிபர் கண்ணுக்கு மட்டம் போச்சு.

ஆகவே நான் இப்போது செய்வது இதுதான். ஈபப்புக்கென்று தனியாக ஒரு நகல் எடுத்து, அதில் வேர்டின் பொருளடக்கத்தை முழுசாக அழித்துவிடுகிறேன். பிறகு View மெனுவில் Navigation Pane-ஐத் திறக்கிறேன். இடது பக்கம் வருகிற அந்தப் பட்டியல்தான் நாளைக்கு ஈபப்பில் வரப்போகிற பொருளடக்கம். அதில் இல்லாதது போனிலும் இருக்காது. எங்கள் கோப்பில் நான்காம் இயலின் உட்தலைப்பு ஒன்றுகூட அதில் இல்லை. எழுத்தைப் பெரிசாக்கி போல்டு போட்டதோடு விட்டிருந்தார்கள். மனிதனுக்கு அது தலைப்பு, வேர்டுக்கு அது கொஞ்சம் தடித்த ஒரு பத்தி. அப்படி ஒன்றில் கர்சரை வைத்து, Home-இல் Select என்பதற்குள் Select Text with Similar Formatting கொடுத்தால் அதே மாதிரி இருப்பவை எல்லாம் ஒன்றாகத் தேர்வாகும். Heading 2-ஐ ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. ஆனால் ஒருவர் 14 புள்ளியிலும் இன்னொருவர் 13 புள்ளியிலும் அடித்திருந்தால் இரண்டு தடவை செய்ய வேண்டும். எங்கள் அறிக்கையில் நாலு பேர் கை.

இதற்குப் பிறகு பொருளடக்கம் சரியாக வந்தது. இயலுக்குள் மதகு, மதகைத் தொட்டால் மதகு. ஆனால் ஒவ்வொரு மதகும் புதுப் பக்கத்தில்! மூன்று வரிக் குறிப்பு, கீழே முக்கால் திரை வெறுமை. காலிபரின் இயல்பு அமைப்பில் h1, h2, அதாவது வேர்டின் Heading 1, Heading 2, இரண்டுக்கும் முன்னால் பக்கம் முறியும். நாவலுக்கு அது பரவாயில்லை, மதகுப் பட்டியலுக்கு ஆகாது. அதே இடத்தில் அத்தியாயத்தைக் கண்டுபிடிக்க ஒரு விதியும் எழுதி வைத்திருக்கிறார்கள்: chapter, book, section, part என்ற சொற்களைத் தேடும். 'இயல்' அதற்குத் தெரியாது. தெரியாததில் தப்பில்லை, ஆனால் முதலில் பார்த்தபோது சுருக்கென்றது. இப்போது ஒரே கட்டளையில் இரண்டையும் மாற்றிவிடுகிறேன்:

```
ebook-convert arikkai.docx arikkai.epub --chapter "//h:h1" --page-breaks-before "//h:h1" --language ta
```

கட்டளை வேண்டாம் என்பவர்கள் மாற்றும் சாளரத்தில் Structure detection பகுதியில் இதே `//h:h1`-ஐ அந்த இரண்டு பெட்டிகளிலும் போடலாம். கோப்பு .docx ஆக இருக்க வேண்டும். பழைய .doc-ஐ அது வாங்கிக்கொள்ளாது. வேர்டில் திறந்து புது வடிவில் சேமித்துக் கொடுக்க வேண்டும்.

என்னை நிஜமாகவே அழவைத்தது எட்டாம் இயல். அது யாரோ எப்போதோ பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு. என் கணினியில் பாமினி இருப்பதால் ஒழுங்காகத் தமிழாகத் தெரிந்தது. போனில் திறந்தால் `,ay; 8`. பாமினியில் காற்புள்ளிதான் 'இ', a தான் 'ய'. எழுத்துரு இல்லாத இடத்தில் அதன் குட்டு வெளிப்பட்டுவிடும். எழுத்துருவையே ஈபப்புக்குள் வைத்துவிடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். வைத்தேன். உள்ளே பத்திகள் தமிழாகிவிட்டன. பொருளடக்கம் மட்டும் அதே `,ay; 8`. அந்தப் பட்டியலைக் காட்டுவது படிக்கிற செயலி. அது போனின் எழுத்துருவைத்தான் எடுக்கும், புத்தகத்துக்குள் இருப்பதை எட்டிப் பார்க்காது. ஒருங்குறிக்கு மாற்றுவது தவிர வேறு வழியே இல்லை. மாற்றினேன். அதிலும் ஒரு வம்பு. நடுவில் ஆங்கிலத்தில் அடித்திருந்த cusec எல்லாம் 'உரளநஉ' ஆகிவிட்டது. கல்லணைக் கணக்கில் உரளநஉ என்று ஒரு அளவை இருப்பதாக ஒருவர் நம்பியே விட்டார். அதனால் மாற்றுவதற்கு முன் ஆங்கிலச் சொற்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி செய்யவே முடியாத ஒன்றும் உண்டு. "பக்கம் 47 காண்க" என்று அறிக்கை முழுக்க எழுதியிருந்தோம். ஈபப்பில் நாற்பத்தேழாம் பக்கம் என்று ஒன்று நிலையாக இல்லை. எழுத்தைப் பெரிசாக்கினால் பக்கம் நகர்ந்துவிடும். உட்கார்ந்து ஒவ்வொன்றாக "இயல் 4, மதகு 17" என்று மாற்றி, அந்தத் தலைப்புக்கே சுட்டி போட்டேன். ஏழு நெடுவரிசை கொண்ட அட்டவணைகள் போன் திரையில் நசுங்குவதை இன்னும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நியாயமாகச் சொன்னால் காலிபர் மேல் பெரிய குற்றம் எதுவும் இல்லை. கோவிட் கோயல் 2006-இல் தொடங்கியது, இன்றுவரை காசு கேட்காதது, கையேட்டில் எல்லாம் எழுதியும் வைத்திருப்பது. நாம் போட்ட குப்பையைத்தான் அது திருப்பிக் காட்டியது. போன கோடையில் கரையில் நின்ற பையன் ஒருவன் இரண்டு தட்டில் பதினேழாம் மதகை எடுத்துக் காட்டினான். "ஷட்டர் பலகை இல்லைன்னு போட்டிருக்கு அண்ணே" என்றான். பலகை இல்லைதான். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான்கு வருடத் திட்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இருந்தும் மச்சானிடம் நான் சொன்ன ஒரே வார்த்தை "வேண்டாம்". "காலிபரை ஏத்தாதே, கோப்பை எனக்கே அனுப்பு" என்றேன். ராத்திரியே அனுப்பிவிட்டான். 231 பக்கம், அட்டைப்படத்தோடு. திறந்ததும் Navigation Pane-ஐப் பார்த்தேன். ஒரு வரி கூட இல்லை.